கித்தேரியம்மாள் போட்ட அரைப்பேர்

கித்தேரியம்மாள் தன் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொண்ட பொருள் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு தாள். நகை நட்டுக்குப் பெருமைப்பட அவளுக்கு வழியில்லை. இருந்த இரண்டு வளையலும் புருஷன் மரியஅந்தோணியின் லாரி கொண்டை ஊசி வளைவில் உருண்ட வருடமே போய்விட்டது. மிச்சம் இருந்தது செல்வமேரி என்று ஒரு மகளும், மிஷன் பள்ளியில் படித்த எஸ்.எஸ்.எல்.சி.யும், அச்சடித்ததுபோன்ற கையெழுத்தும். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் 1981இல் கொடைக்கானல் சட்டைக் கம்பெனியின் டைம் ஆபீசில் அவளுக்குக் கிளார்க் வேலை கொடுத்தார்கள்.

ஊரில் அதைச் சட்டைக் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். வெளிநாட்டுக்குப் போகிற குளிர்ச்சட்டைகளை நூற்றுப் பன்னிரண்டு பெண்கள் அங்கே தைத்தார்கள். தலைமை ஆபீஸ் மதுரையில் இருந்தது. மலையில் மேனேஜர் சுப்புராஜ் வைத்ததுதான் சட்டம். தையல் ஷெட் சரிவில் கீழே இருந்தது. ஷெட் வாசலில் டைம் கிளாக். பெண்கள் வரும்போதும் போகும்போதும் ஆளுக்கொரு அட்டையை அதில் நுழைத்து நெம்புகோலை இழுத்தால் 'டக்' என்று மணி பதியும். ஓர் அட்டை ஒரு மாதத்துக்கு. ஒரு நாளைக்கு ஒரு வரி. வரியில் வந்த நேரம் ஒரு பக்கம், போன நேரம் ஒரு பக்கம். கித்தேரியம்மாளின் மேசை நாற்பத்தியிரண்டு படி மேலே, பழைய பங்களாவில். காவல்காரர் பொன்னுவேல் தினமும் காலை பத்து மணிக்கு அட்டைகளை மரத்தட்டில் அடுக்கி மேலே கொண்டுவருவார். முந்தின நாள் நேரங்களை அவள் நோட்டில் எழுதிக்கொண்டதும் தட்டு கீழே போய்விடும்.

மாதக் கடைசியில்தான் தொல்லை. யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று மதுரையில் கேட்பார்கள். நோட்டைப் புரட்டிப் புரட்டிக் கண் பூத்துப்போகும். 1983 மார்ச்சில் ஒருநாள் மேனேஜர் நோட்டைத் தூக்கி மேசைமேல் போட்டார்.

"என்னம்மா இது, ராமாயணம் மாதிரி? ஒரே தாள். மாசத்துக்கு ஒரே தாள்தான் மதுரைக்குப் போகணும். பார்த்ததும் தெரியணும். நீங்களே யோசிச்சுப் போடுங்க."

அவளும் யோசித்தாள். முதலில் நாளுக்கு இரண்டு கட்டம் போட்டுப் பார்த்தாள், வந்தது ஒன்று, போனது ஒன்று. முப்பத்தொரு நாளுக்கு அறுபத்திரண்டு கட்டம். எந்தத் தாளும் தாங்கவில்லை. பேப்பரை ஒட்டி ஒட்டிப் பார்த்து, அது பாய் அகலத்துக்கு வந்ததும் செல்வமேரி சிரித்தாள். அப்புறம்தான் கித்தேரியம்மாளுக்கு அந்த எண்ணம் வந்தது. மணி எதற்கு? நாளுக்கு ஒரு கட்டம் போதும், கட்டத்துக்கு ஒரு குறி போதும்.

விதியையும் அவளே வகுத்தாள். வேலை நேரம் எட்டிலிருந்து ஐந்து, நடுவே ஒரு மணி சாப்பாடு. வந்த நேரத்துக்கும் போன நேரத்துக்கும் இடையில் எட்டேமுக்கால் மணி நேரம் இருந்தால் 1. குறைந்தால் ½. நாலரை மணி நேரத்துக்கும் கீழே போனால் வராத கணக்கு. வந்த மணி பதிந்து போன மணி பதியாமல் இருந்தாலும் ½. லீவுக்கு 'லீ'. வலது ஓரத்தில் முழு நாள், அரை நாள், லீவு, வராதது. கடைசிக் கட்டத்தில் 'இதுவரை மொத்தம்'. அதை மாதாமாதம் அடுத்த தாளுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தேதிக்கும் கீழே, அன்றைக்கு எத்தனை தலை என்று ஒரு கூட்டல். அது பொன்னுவேல் வாசலில் எண்ணி எழுதிய தலைக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். குறுக்கே கூட்டினாலும் நெடுக்கே கூட்டினாலும் ஒரே எண் வர வேண்டும்.

வந்தது. மதுரையிலிருந்து 'மிக நன்று' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தை அவள் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். அதில் அவளைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? அவள் கையெழுத்தைப் பலர் மெச்சியிருக்கிறார்கள். அவள் மூளையை ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை.

அந்தத் தாளில் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் வரி இருந்தது. கித்தேரியம்மாளுக்கு வரி கிடையாது. அவள் ஆபீஸ் ஆள், அட்டை அடிப்பதில்லை. மேனேஜர் அறையில் கிடக்கிற ஒரு புத்தகத்தில் கையெழுத்துப் போடுவாள், அவ்வளவுதான். அவளுடைய வேலையும் தற்காலிகம்தான், வருடா வருடம் புதுப்பிப்பார்கள். அதைப்பற்றி அப்போது அவள் நினைக்கவில்லை.

அந்த ஏப்ரலில் புதிதாக நாற்பது பேரைத் தற்காலிகமாக எடுத்தார்கள். அவர்களில் பதினொரு பேர் பூம்பாறைப் பக்கம். பெரும்பாலும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பங்கள். பூண்டுக் காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் தையல் கற்றுக்கொண்டு வந்தார்கள். காலை பஸ்ஸில் ஏழு ஐம்பதுக்கு வந்து இறங்குவார்கள். சாயங்காலம் ஐந்து இருபது பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர முடியாது. உள்ளூர்ப் பெண்களுக்கு அந்த அவசரம் இல்லை. கூலி உருப்படிக் கணக்கு என்பதால் ஆறு மணிவரை இருந்து இன்னும் நாலு சட்டை தைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

கூலி உருப்படிக் கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வினை அதில்தான் ஒளிந்திருந்தது. தாளில் 1 போட்டாலும் ½ போட்டாலும் சம்பளக் கவர் மாறாது. அதனால் இரண்டு வருடமாக ஒருத்தியும் மேலே வந்து தன் வரியைப் பார்க்கவில்லை.

ஆனால் கித்தேரியம்மாள் பார்த்தாள். மாதத்தில் மூன்று நாள், நாலு நாள், ஒரே தேதியில் பூம்பாறைப் பெண்கள் பதினொரு பேருக்கும் நெடுக்கே ½, ½ என்று இறங்கும். அட்டையில் நாலு பத்து, நாலு இருபது என்று மணி இருக்கும். உள்ளூர்ப் பெண்களுக்கு ஒரு ½கூட இருக்காது. பஸ்ஸுக்காகச் சேர்ந்து முன்னாலேயே ஓடிவிடுகிறார்கள் என்று முடிவுகட்டினாள். மேனேஜரும் அதைத்தான் சொன்னார். "அதுக எல்லாம் தோட்டத்துல வளந்ததுக, மணி அடிக்கிறதுக்கு முன்னாடி மூட்டையைக் கட்டிரும்." கித்தேரியம்மாள் அதற்குச் சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்புதான் பின்னாளில் அவளை ரொம்பப் படுத்தியது.

1984 டிசம்பர் பதினேழு, திங்கட்கிழமை. ஷெட் வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். இரண்டு வருடத்துக்குள் நானூற்றெண்பது நாள் வேலை பார்த்தவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. இருபத்திரண்டாம் தேதியோடு ஆர்டர் முடிந்து கம்பெனி கிறிஸ்துமஸுக்கு மூடுகிறது. மிச்ச நாட்களையும் சேர்த்து நானூற்றெண்பதைத் தொடுகிற தற்காலிகப் பெண்கள் ஜனவரியில் நிரந்தரம். தொடாதவர்கள் ஜனவரியில் வர வேண்டாம். உள்ளூர்ப் பெண்கள் இருபத்தொன்பது பேரும் தேறியிருந்தார்கள். பூம்பாறைப் பெண்கள் பதினொரு பேரில் ஒருத்தி பெயர்கூட இல்லை.

மத்தியானம் சாப்பாட்டு மணியில் நாற்பத்தியிரண்டு படியும் ஏறி ஒருத்தி வந்து நின்றாள். வேலம்மா. காலர் தைக்கிறவள், முப்பது வயதுக்காரி. கித்தேரியம்மாளுக்கு அவளை நன்றாகத் தெரியும். போன வருடம் மழையில் இந்தப் படியிலேயே சறுக்கி விழுந்து கணுக்கால் உடைந்தபோது, தன்னை முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள் இவள்தான்.

"கிளார்க்கம்மா, எம் பேரு இல்லைங்க."

"நாள் பத்தலையே வேலம்மா. நானூத்தி நாப்பத்தேழுதான் வருது." கித்தேரியம்மாள் தாளை விரித்துக் காட்டினாள். "பாரு, அரை நாள் மட்டும் அறுபத்தாறு. நீங்க எல்லாரும் பஸ்ஸுக்குன்னு முன்னாடியே போயிடுறீங்க. நான் என்ன செய்யிறது?"

வேலம்மா தாளைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தாள்.

"யாருங்க முன்னாடி போனது? மணி அடிக்காம யாரும் எந்திரிச்சதில்லைங்க."

"அட்டையில நாலு பத்துன்னு இருக்கே!"

"நாலு பத்துக்குக் கெளம்பி, அஞ்சு இருவது வரைக்கும் மழையில அந்த பஸ் ஸ்டாண்டுல நின்னு நாங்க என்னாங்க செய்யப்போறோம்?"

இரண்டு வருடமாக இந்தக் கேள்வி கித்தேரியம்மாளுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் அந்த நேரத்தில் பெரிய அதிர்ச்சி.

வேலம்மா விடவில்லை. "தோட்டத்துல கொழுந்து கொறைஞ்சா கங்காணி அரைப்பேரு போடுவான், அரை நாள் கூலிதான். மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போடுவான். நாங்களும் நாலு வார்த்தை திட்டிட்டு வருவோம். நீங்க சொல்லாமலே அறுவத்தாறு அரைப்பேரு போட்டிருக்கீங்களேம்மா. அங்க பிரஜாவுரிமையில பேரு இல்லேன்னு கப்பல்ல ஏத்துனாங்க. இங்கயும் பேரு இல்லேன்னா நான் புள்ளைகளைத் தூக்கிட்டு எங்க போவேன்?"

அன்று சாயங்காலம் கித்தேரியம்மாள் முதல் தடவையாக ஐந்து மணிக்குக் கீழே இறங்கினாள். கால் ஈரத்தில் வலித்தது. மணி அடித்தது. பூம்பாறைப் பெண்கள் வரிசையாக வந்து அட்டை அடித்தார்கள். அவள் கைக்கடிகாரத்தில் ஐந்து மணி இரண்டு நிமிடம். டைம் கிளாக்கில் நாலு பன்னிரண்டு.

"இது என்ன பொன்னுவேலண்ணே, கடிகாரம் பிந்திக் கெடக்கு?"

பொன்னுவேல் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "மத்தியானம் கரண்டு போச்சுல்லம்மா? கரண்டு போனா இது நின்னுக்கிரும். ஷெட்டுக்கு ஜெனரேட்டர் இருக்கு, மிஷின் ஓடும். இதுக்கு அந்த லைன் கெடையாது."

"வந்ததும் சரி பண்ணக் கூடாதா?"

"சாவி மேனேஜர்கிட்டல்ல இருக்கு. காலையில வெள்ளனே வந்து தொறந்து சரியா வச்சிட்டுப் போவாரு. ரெண்டு வருசமா இப்படித்தானம்மா. உங்களுக்குத் தெரியாதா?"

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தைக்கிறவளுக்குத் தெரியும், கிளார்க்கம்மாவுக்கும் தெரியும் என்றே அவள் நினைத்திருந்தாள்; காவல்காரருக்குத் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். மேனேஜருக்கு வேண்டியது காலையில் யார் பிந்தி வருகிறார்கள் என்பது மட்டும். அதற்குக் காலை மணி சரியாக இருந்தால் போதும். போகிற மணியை ஒருவரும் மதிக்கவில்லை. அதை மதித்து, குறித்து, கழித்து, அரை போட்டது மலை மேலே உட்கார்ந்திருந்த கித்தேரியம்மாள் ஒருத்திதான்.

அவள் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளூர்ப் பெண்களும் இதே கடிகாரத்தில்தான் அடித்தார்கள். ஆறு மணிக்குப் போகிறவளுக்கு முக்கால் மணி நேரம் குறைந்தாலும் ஐந்தேகால் என்று பதியும், எட்டேமுக்கால் மணி நேரம் நிறைந்துவிடும். ஐந்துக்குப் போகிறவளுக்கு நாலேகால். மின்வெட்டின் பாரம் முழுவதும் பஸ் பிடிக்கிறவர்கள் தலையில் விழுந்திருக்கிறது. தாளில் மணி இருந்திருந்தால், உள்ளூர்க்காரிக்கும் அதே நாளில் முக்கால் மணி குறைவது கண்ணில் பட்டிருக்கும். மணியை எடுத்துவிட்டுக் குறியைப் போட்டது யார்? 'மிக நன்று' வாங்கியது யார்?

அந்த ராத்திரி அவள் சாப்பிடவில்லை. ஆனால் அழுதுகொண்டே இருப்பதற்கும் நேரம் இல்லை. மறுநாள் காலையில் ஜெனரேட்டர் மெக்கானிக் ஞானமுத்துவிடம் போய் நின்றாள். டீசல் கணக்குக்காக, ஜெனரேட்டர் எப்போது ஓடியது எப்போது நின்றது என்று தேதிவாரியாக அவர் நோட்டுப் போட்டிருந்தார். எண்ணெய் பிசுக்கு ஒட்டிய இரண்டு நோட்டு. ஜெனரேட்டர் ஓடிய நேரம்தான் கடிகாரம் நின்ற நேரம்.

"எடுத்துட்டுப் போங்க தங்கச்சி. ஆனா சனிக்கெழமைக்குள்ள வேணும். இல்லேன்னா டீசல் பில்லுக்கு என்னைய உரிச்சிருவாங்க."

பதினொரு பேர், இருபத்தொரு மாதம், இருநூற்று முப்பத்தொரு அட்டை. பழைய அட்டைக் கட்டுகளைப் பரணிலிருந்து இறக்கினாள். புதிதாக ஒரு தாள் போட்டாள். இந்தத் தடவை மணிக்கு இடம் விட்டாள்: தேதி, வந்தது, போனது, கடிகாரம் நின்ற நிமிடம், நின்றதைக் கூட்டினால் போன நேரம், குறி. நாலு பத்தோடு ஐம்பதைக் கூட்டினால் ஐந்து. ½ அடிக்கப்பட்டு 1 ஆகும். செல்வமேரி தேதியை வாசிக்க வாசிக்க இவள் நோட்டைப் பார்த்தாள். மூன்று நாள் இதே சோலி. ஒவ்வொரு அரையும் முழுதாகும்போது நெஞ்சுக்குள் ஒரு முள் எடுத்த மாதிரி இருந்தது, அடுத்த வரியில் இன்னொரு முள் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் மொத்தம் போட்டாள். பத்துப் பேர் நானூற்றெண்பதைத் தாண்டிவிட்டார்கள். ஒருத்திக்கு நானூற்றுத் தொண்ணூற்றேழுகூட வந்தது. பதினோராவது வேலம்மா. முழு நாள் நானூற்றிப் பதினாலு. அறுபத்தாறு அரையில் அறுபத்தைந்து முழுதாகிவிட்டது. ஒன்று மட்டும் மாறவில்லை. நானூற்று எழுபத்தொன்பதரை.

"எந்தத் தேதிம்மா அது?" என்றாள் செல்வமேரி.

கித்தேரியம்மாள் அட்டையை எடுத்தாள். 1983 ஜூன் பதினாலு, செவ்வாய். வந்தது ஏழு ஐம்பத்தைந்து. போனது இல்லை. ஞானமுத்துவின் நோட்டில் அன்று ஜெனரேட்டர் ஓடவேயில்லை. கடிகாரத்தின்மேல் பழிபோட வழியில்லை. அந்தத் தேதியை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தவளுக்குத் தன் ஆஸ்பத்திரிச் சீட்டு ஞாபகம் வந்தது. அது அவள் கால் உடைந்த நாள்.

வேலம்மா காலையில் அட்டை அடித்திருக்கிறாள். பத்து மணிக்கு இவள் விழுந்திருக்கிறாள். தூக்கிக்கொண்டு ஓடியவள் போன மணியை எங்கே அடிப்பாள்? சாயங்காலம்வரை ஆஸ்பத்திரியில் இவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரம் கழித்துக் கட்டோடு வந்து மேசையில் உட்கார்ந்த கித்தேரியம்மாள், 'போன மணி பதியாவிட்டால் ½' என்ற தன் விதிப்படி, பெயரைக்கூடப் பார்க்காமல், அந்தக் கட்டத்தில் ½ போட்டிருக்கிறாள்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் முன்னால் அப்படி அவள் அழுததில்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். முகம் கறுத்தது.

"இதை மதுரைக்கு அனுப்பினா என்ன அர்த்தம் தெரியுமா? ரெண்டு வருசமா கடிகாரம் தப்பு, சாவி சுப்புராஜ்கிட்ட இருந்துச்சுன்னு அர்த்தம். லிஸ்ட்டு போயாச்சும்மா. உங்க வேலையைப் பாருங்க."

"பதினோரு குடும்பம் சார்."

"உங்களுக்கும் ஒரு குடும்பம் இருக்குல்ல?"

அவர் சொன்னது மிரட்டலா புத்திமதியா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. சனிக்கிழமை விடியக்காலை பஸ்ஸில் அட்டைக் கட்டு, ஞானமுத்துவிடம் சாயங்காலம்வரை தவணை கேட்டு வைத்திருந்த நோட்டுகள், பொன்னுவேலிடம் கெஞ்சி வாங்கிய கேட் புத்தகம் எல்லாவற்றையும் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு மதுரைக்கு இறங்கினாள். மரியஅந்தோணி போன வளைவில் கண்ணை மூடிக்கொண்டாள்.

தலைமை ஆபீசில் ஆட்கள் விஷயம் பார்க்கிறவர் திருமலைச்சாமி. அந்தச் சிவப்பு மைக்காரர் இவர்தான். கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். நாலைந்து இடத்தில் அட்டையையும் நோட்டையும் ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"இந்தப் பத்துப் பேரும் சரி," என்றார். "இந்த வேலம்மா? அரை நாள் குறையுதே."

"அன்னைக்கு அவ வேலையை விட்டுப் போகலை சார். எனக்குக் கால் ஒடிஞ்சது. என்னைத்தான் தூக்கிட்டுப் போனா."

அவர் கேட் புத்தகத்தைத் திருப்பினார். ஜூன் பதினாலு: வேலம்மா, வெளியே, காரணம் 'சொந்த வேலை'. பொன்னுவேல் கையெழுத்து. கேட் புத்தகத்தில் இரண்டே காரணம்தான் உண்டு: மேலாள் உத்தரவு, சொந்த வேலை. உத்தரவு போட அன்று மேலாள் இல்லை.

"சொந்த வேலைன்னு இருக்கேம்மா. யார் அனுப்பினது அவளை?"

படியில் விழுந்து கிடந்தபோது வேலம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, என்னை விட்டுட்டுப் போயிராதே என்று தான் அலறியது கித்தேரியம்மாளுக்கு ஞாபகம் வந்தது.

"நான்தான் சார்."

"உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லையே."

"இல்லை சார்."

"அப்ப அது உங்க தப்பு."

"ஆமா சார். அரை போட்டதும் என் தப்பு. ரெண்டு வருசமா இவங்களுக்குப் போட்ட அரை எல்லாமே என் தப்பு."

திருமலைச்சாமி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எழுதிக் குடுத்தா நான் ஏத்துக்கிறேன். ஆனா எழுதினது உங்க ஃபைல்ல இருக்கும். அதைப் படிக்கிறவங்க என்னை மாதிரி படிப்பாங்கன்னு சொல்ல முடியாது."

அவள் எழுதினாள். அந்த அச்சடித்த மாதிரிக் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், தன் தலையில் தானே எழுதிக்கொண்டாள். பட்டியலில் பதினோராவது பெயர் ஏறியது.

ஜனவரி இரண்டாம் தேதி கம்பெனி திறந்தது. மேனேஜர் ஒரு காகிதத்தை நீட்டினார். கணக்கில் தொடர்ந்து தவறு செய்ததாகத் தானே ஒப்புக்கொண்ட காரணத்தால், டைம் ஆபீஸ் கிளார்க் வேலை புதுப்பிக்கப்படவில்லை.

"சார், நானும் நாலு வருசமா வாரேன். நானூத்தெண்பது எனக்கும் இருக்குமே."

"எந்தத் தாள்ல இருக்கு?" என்றார் சுப்புராஜ். "காட்டுங்க, பார்ப்போம். கையெழுத்துப் புத்தகம் வருசக் கடைசியில பழைய பேப்பருக்குப் போயிருச்சு."

அவள் போட்ட தாளில் அவளுக்கு வரி இல்லை.

"பேக்கிங்ல தற்காலிகமா ஆள் வேணும். இஷ்டமிருந்தா சேந்துக்கங்க," என்று அவர் சொன்னார். செல்வமேரிக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். இஷ்டத்துக்கு அங்கே என்ன இடம்? அவள் இடத்தில் மேனேஜரின் உறவுக்காரப் பையன் ஒருவன் உட்கார்ந்தான். கடிகாரம் நின்ற நிமிடத்துக்கு அவள் போட்டிருந்த கட்டத்தை முதல் நாளே எடுத்துவிட்டார்கள். அது ஒருதடவைக்குக் காட்டிய சலுகையாம். கடிகாரத்துக்கு ஜெனரேட்டர் லைன் இழுப்பதைப் பிறகு பார்க்கலாமாம்.

மறுநாள் காலை அவள் கையில் நூற்றுப் பதின்மூன்றாம் எண் அட்டை இருந்தது. லட்சக்கணக்கான மணிகளை எடுத்து எழுதியவளுக்கு அட்டையை எந்தப் பக்கம் நுழைப்பது என்று தெரியவில்லை. பின்னால் நின்ற வேலம்மா அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்படிங்க கிளார்க்கம்மா."

"இன்னும் என்ன கிளார்க்கம்மா?" என்றாள் கித்தேரியம்மாள். வேலம்மா குனிந்து தன் அட்டையைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நன்றி சொல்வதா மன்னிப்பதா என்று தெரியாமல் பதினொரு பேருமே அந்த இரண்டு நாளாக அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபத்தாறு அரைப்பேரும் அவள் கை போட்டதுதானே.

பேக்கிங்கில் நாள் முழுக்க நின்றுகொண்டே சட்டை மடிக்க வேண்டும். மூன்று மணிக்குக் கரண்டு போனது. ஷெட்டுக்குப் பின்னால் ஜெனரேட்டர் இரைந்தது. விளக்கு எரிந்தது, மிஷின் ஓடியது. கித்தேரியம்மாள் மட்டும் தலையைத் தூக்கி வாசல் பக்கம் பார்த்தாள்.

ஐந்து மணிக்கு மேல் நிற்கக் கால் விடவில்லை. பூம்பாறைப் பெண்களோடு சேர்ந்தே வரிசையில் நின்றாள். நெம்புகோலை இழுத்து அட்டையை எடுத்துப் பார்த்தாள். வந்தது ஏழு ஐம்பத்தெட்டு. போனது நாலு பதினைந்து. கழித்துப் பார்க்க அவளுக்கு நோட்டு தேவையில்லை.

வேலம்மா அவளுக்காக வாசலில் நின்றாள். மற்றவர்கள் வெரசா வா என்று கூப்பிட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

"இன்னைக்கு உங்களுக்கு என்ன பேருங்க?" என்று கேட்டாள் வேலம்மா.

"அரைப்பேரு," என்றாள் கித்தேரியம்மாள்.